அரை ஆயுள், நிலைத்த நிலை, டோஸ் இடைவெளி: ஒரு தியோபிலின் கணக்கு

கேள்வி: நான் பி.பார்ம் ஆறாம் செமஸ்டர் படிக்கிறேன். அசைன்மென்ட்டில் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தியோபிலின் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். பரவல் கனஅளவு 30 லிட்டர், கிளியரன்ஸ் மணிக்கு 2.4 லிட்டர், நிலைத்த நிலையில் சராசரி செறிவு லிட்டருக்கு 10 மி.கி. இருக்க வேண்டும், 5-க்குக் கீழே இறங்கவோ 15-க்கு மேலே ஏறவோ கூடாது. 6, 8, 12, 24 மணி இடைவெளிகளில் எது சரி என்று காரணத்தோடு எழுத வேண்டும். அரை ஆயுள், நிலைத்த நிலை, இடைவெளி மூன்றும் எனக்கு ஒன்றோடொன்று குழம்புகிறது. இடைவெளியைக் குறைத்தால் நிலைத்த நிலை சீக்கிரம் வந்துவிடாதா?

பதில்:

வராது. நிலைத்த நிலையை எட்டுவதற்கு ஆகும் நேரத்தை அரை ஆயுள் மட்டுமே முடிவு செய்கிறது. எட்டியபின் சராசரிச் செறிவு எவ்வளவு என்பதை, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மருந்து கொடுக்கிறோம் என்பதும் கிளியரன்ஸும் சேர்ந்து முடிவு செய்கின்றன. அந்தச் சராசரியைச் சுற்றிச் செறிவு எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை, இடைவெளி அரை ஆயுளைப்போல எத்தனை மடங்கு என்பது முடிவு செய்கிறது. இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். உங்கள் குழப்பம் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே விடையைத் தேடுவதால் வருகிறது. உங்கள் கணக்குக்கு விடை 8 மணி நேரம். ஆனால் 12 மணி நேரம் ஏன் தவறுகிறது என்பதில்தான் மதிப்பெண்ணுக்குரிய பகுதி இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் அரை ஆயுளைக் கண்டுபிடியுங்கள். கேள்வியில் அது நேரடியாகக் கொடுக்கப்படவில்லை, கொடுக்கத் தேவையும் இல்லை.

```
k    = CL / V    = 2.4 / 30     = 0.08 /h
t1/2 = 0.693 / k = 0.693 / 0.08 = 8.66 h
```

இந்த இரண்டு வரிகளைக் கடந்து போகும் முன், எது எதிலிருந்து வருகிறது என்று கவனியுங்கள். கிளியரன்ஸ் என்பது உடல் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து மருந்தை முழுவதும் அகற்றுகிறது என்பதன் அளவு. தியோபிலினைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கல்லீரல் நொதிகளின் வேலை. பரவல் கனஅளவு என்பது உடலில் உள்ள மருந்தின் மொத்த அளவைப் பிளாஸ்மாச் செறிவோடு இணைக்கும் எண். இவை இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. அரை ஆயுளோ இவ்விரண்டின் விகிதத்திலிருந்து பிறக்கும் வழி எண். ஆகவே "அரை ஆயுள் நீண்டதால் கிளியரன்ஸ் குறைந்தது" என்று எழுதுவது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றி எழுதுவதாகும். அரை ஆயுள் நீண்டிருப்பதை மட்டும் வைத்து, உடல் மருந்தை மெதுவாக அகற்றுகிறது என்ற முடிவுக்கும் வந்துவிட முடியாது. குளோரோகுயின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதற்கு முக்கியக் காரணம், அது திசுக்களுக்குள் மிகப் பெரிய அளவில் சென்று சேர்ந்து, அதனால் அதன் பரவல் கனஅளவு உடலின் பருமனைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பதே.

இனி நிலைத்த நிலை. கணக்கை எளிதாக்க, ஒவ்வொரு டோஸும் கொடுத்த உடனே முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாடத்திட்டத்தில் இத்தகைய கணக்குகளுக்கு வழக்கமான எடுகோள் இதுதான். மாத்திரைக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சராசரி 10 மி.கி./லிட்டர் வேண்டுமானால், நிலைத்த நிலையில் ஒரு மணி நேரத்தில் உடல் அகற்றும் அளவு 10 × 2.4 = 24 மி.கி. உள்ளே போகும் அளவும் அதே 24 மி.கி. ஆக இருக்க வேண்டும், அதாவது நாளொன்றுக்கு 576 மி.கி. இந்த வரியில் அரை ஆயுளும் இல்லை, பரவல் கனஅளவும் இல்லை என்பதைப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு டோஸ் 192 மி.கி. அது 30 லிட்டரில் பரவும்போது செறிவு 192 / 30 = 6.4 உயர்கிறது. எட்டு மணி நேரத்துக்குப் பின் அதில் எஞ்சும் பங்கு e⁻⁰·⁶⁴, அதாவது 0.527.

முதல் டோஸில் உச்சம் 6.4. இரண்டாம் டோஸுக்குச் சற்று முன் அது 3.4 ஆக இறங்கியிருக்கும். இரண்டாம் டோஸ் மேலும் 6.4-ஐச் சேர்க்க, உச்சம் 9.8 ஆகிறது, எட்டு மணி நேரத்தில் 5.2-க்கு இறங்குகிறது. மூன்றாம் உச்சம் 11.6, நான்காவது 12.5, ஐந்தாவது 13.0, ஆறாவது 13.2. இப்படியே போய் 13.5-ல் நின்றுவிடுகிறது, அதற்கு முந்தைய தாழ்வு 7.1. முதல் டோஸுக்குப் பிந்தைய எட்டு மணி நேரத்தில் இழந்தது 3.0 மட்டுமே, சேர்வது 6.4. ஆகவே செறிவு ஏறியது. ஏற ஏற, ஒவ்வொரு இடைவெளியிலும் இழக்கும் அளவும் கூடிக்கொண்டே வருகிறது, ஏனெனில் முதல்நிலை இயக்கத்தில் உடல் அகற்றுவது இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கை. உச்சம் 13.5 ஆகும்போது இழப்பு 13.5 − 7.1 = 6.4. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டதால், இனி ஏற்றமில்லை. நிலைத்த நிலை என்பது செறிவு அசையாமல் நிற்பதைக் குறிக்காது. ஒவ்வொரு இடைவெளியிலும் அதே உச்சமும் அதே தாழ்வும் திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்கிறது.

இறுதி மட்டத்தில் எத்தனை பங்கை எட்டியிருக்கிறோம் என்பது கடந்த நேரத்தை அரை ஆயுளால் வகுத்தால் தெரிந்துவிடும். ஒரு அரை ஆயுளில் 50 சதவீதம், இரண்டில் 75, மூன்றில் 87.5, நான்கில் சுமார் 94, ஐந்தில் சுமார் 97. கணித ரீதியாக முழு 100 ஒருபோதும் வராது. நடைமுறையில் நான்கு முதல் ஐந்து அரை ஆயுள்களை நிலைத்த நிலை என்று ஏற்றுக்கொள்கிறோம். உங்கள் கணக்கில் ஐந்து என்றால் ஏறத்தாழ 43 மணி நேரம். டோஸை இருமடங்காக்கினால் இருமடங்கு உயரமான மட்டத்தை அதே 43 மணி நேரத்தில் எட்டுவீர்கள். இடைவெளியைக் குறைத்து நாள் அளவை மாற்றாமல் வைத்தால், அதே மட்டத்தைச் சிறு சிறு படிகளாக, அதே 43 மணி நேரத்தில் எட்டுவீர்கள். இதுதான் உங்கள் கடைசிக் கேள்விக்கான விடை.

இங்கே ஒரு சிக்கலைச் சுட்ட வேண்டும், ஏனெனில் கவனமாகக் கணக்குப் போடும் மாணவர்களே இதில் தடுமாறுகிறார்கள். ஐந்தாம் டோஸ் 32-ஆம் மணியில் கொடுக்கப்படுகிறது, அது 3.7 அரை ஆயுள்களே. ஆனால் அப்போதைய உச்சம் 13.0, இறுதி உச்சமான 13.5-ல் 96 சதவீதம். 3.7 அரை ஆயுளுக்கு 92 சதவீதம்தானே வர வேண்டும்? தாழ்வை எடுத்துப் பாருங்கள்: ஐந்தாம் டோஸுக்குச் சற்று முந்தைய செறிவு 6.6, இறுதித் தாழ்வான 7.1-ல் 92 சதவீதம். விதி பொய்க்கவில்லை. கடந்த நேரத்தோடு நேராகப் பொருந்துவது தாழ்வு. உச்சத்தில் இப்போது கொடுத்த டோஸும் சேர்ந்துவிடுவதால் அது ஓர் இடைவெளி முன்னால் நிற்கிறது. ஒப்பிடும்போது தாழ்வைத் தாழ்வோடும் உச்சத்தை உச்சத்தோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

இப்போது இடைவெளியின் முறை. நாள் அளவு 576 மி.கி. என்பதை மாற்றாமல், நான்கு இடைவெளிகளுக்கும் நிலைத்த நிலை உச்சத்தையும் தாழ்வையும் கணக்கிட வேண்டும். வாய்பாடு இது, இதில் tau என்பது டோஸ் இடைவெளி:

```
Cmax = (Dose / V) / (1 - e^(-k*tau))
Cmin = Cmax * e^(-k*tau)
Cavg = Dose / (CL * tau)
```

| இடைவெளி | ஒரு டோஸ் | உச்சம் (மி.கி./லி.) | தாழ்வு (மி.கி./லி.) | சராசரி (மி.கி./லி.) |
|---|---|---|---|---|
| 6 மணி | 144 மி.கி. | 12.6 | 7.8 | 10 |
| 8 மணி | 192 மி.கி. | 13.5 | 7.1 | 10 |
| 12 மணி | 288 மி.கி. | 15.6 | 6.0 | 10 |
| 24 மணி | 576 மி.கி. | 22.5 | 3.3 | 10 |

கடைசி நிரலில் ஒரே எண் இருப்பதைக் கண்டு, எங்கோ தவறிவிட்டோம் என்று அழித்துவிடாதீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அதே சமயம் 24 மணி வரிசையில் உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 12.9 வரும். அது சராசரி அல்ல. செறிவு நேர்கோட்டில் இறங்குவதில்லை. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்குவதால், அந்த 24 மணி நேரத்தின் பெரும்பகுதி தாழ்ந்த மட்டத்திலேயே கழிகிறது. உண்மையான சராசரி என்பது வளைவின் கீழுள்ள பரப்பை இடைவெளியால் வகுத்தது. பரப்பு என்பது டோஸ் வகுத்தல் கிளியரன்ஸ், அதாவது 576 / 2.4 = 240; அதை 24-ஆல் வகுத்தால் 10. இடைவெளி அரை ஆயுளைவிடச் சிறிதாக இருக்கும்போது இரண்டு முறைகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருவதால் இந்தத் தவறு வெளியே தெரிவதில்லை. 6 மணி வரிசையில் கூட்டி வகுத்தாலும் 10.2 தான் வருகிறது. இடைவெளி நீளும்போதுதான் பிழை பெரிதாகிறது.

24 மணி இடைவெளி இரண்டு பக்கமும் தவறுகிறது. தியோபிலின் செறிவு 20-ஐத் தாண்டும்போது குமட்டல், வாந்தி, படபடப்பு போன்றவை அதிகம் தோன்றும். அதற்கும் மேலே வலிப்பு வரை போகலாம். அதே நாளின் பிற்பகுதியில் செறிவு 5-க்குக் கீழே இறங்குவதால் மூச்சுக்குழல் விரிவும் போதாமல் போகிறது. ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் நச்சுத்தன்மையும் மருந்துக் குறைவும் நேர்வது, சராசரி சரியாக இருந்தபோதும் இடைவெளி தவறாக இருப்பதன் அடையாளம்.

12 மணி நேரத்துக்கு வருவோம். அனுமதிக்கப்பட்ட மிகப் பெரிய இடைவெளிக்கு ஒரு வாய்பாடு பாடப்புத்தகங்களில் இருக்கும்: உச்ச வரம்பை தாழ்வு வரம்பால் வகுத்து, அதன் இயல் மடக்கையை k-ஆல் வகுப்பது. இங்கே ln(15/5) / 0.08 = 13.7 மணி நேரம். 12 அதைவிடக் குறைவுதானே, ஆகவே 12 மணி நேரம் சரி என்று பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் மேலே உள்ள அட்டவணையில் 12 மணி நேரத்தில் உச்சம் 15.6. வாய்பாடும் அட்டவணையும் முரண்படுவதுபோல் தோன்றும்.

முரண் இல்லை. அந்த வாய்பாடு, 15-க்கும் 5-க்கும் இடையே செறிவு ஆடக்கூடிய மிக நீண்ட இடைவெளி எது என்று மட்டும் சொல்கிறது. சராசரியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 13.7 மணி நேர இடைவெளியில் உச்சம் சரியாக 15-ஆகவும் தாழ்வு சரியாக 5-ஆகவும் அமைந்தால், சராசரி 9.1 ஆக மட்டுமே இருக்க முடியும். நீங்கள் 10 வேண்டும் என்று கேட்டால் அந்த ஆட்டம் முழுவதும் சற்று மேலே நகர்கிறது, உச்சம் வரம்பைத் தாண்டுகிறது. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தே தீர வேண்டும் என்றால் டோஸை 288-லிருந்து சுமார் 275-க்குக் குறைக்கலாம். உச்சம் 15-க்குள் அடங்கும், தாழ்வு 5.7 ஆகும், சராசரி 9.5 ஆகும். நோயாளிக்கு இது மோசமான ஏற்பாடு அல்ல. ஆனால் கேள்வி சராசரி 10 என்று கட்டாயப்படுத்துவதால் உங்கள் விடையில் 12 நிற்காது. இந்த விளக்கத்தை ஒரு பத்தியாக எழுதுங்கள், வெறுமனே "15.6 > 15, ஆகவே நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மிஞ்சுவது 6-ம் 8-ம். இரண்டும் வரம்புக்குள் அடங்குகின்றன. 6 மணி நேரம் என்றால் நாளொன்றுக்கு நான்கு முறை, அதில் ஒன்று நடு இரவில் அல்லது அதிகாலையில் விழும். அதனால் கிடைப்பது உச்சத்தில் ஒரு மி.கி. குறைவு மட்டுமே. 8 மணி நேரமே பொருத்தம். 192 மி.கி. என்று எந்த மாத்திரையும் கிடைக்காததால் அதை 200 மி.கி. என்று முழுமையாக்கி, முழுமையாக்கியபின் மறுபடியும் கணக்கிட்டுக் காட்டுங்கள்: சராசரி 10.4, உச்சம் 14.1, தாழ்வு 7.4. வரம்பு மீறவில்லை.

43 மணி நேரம் காத்திருக்க முடியாத நோயாளிக்கு லோடிங் டோஸ் கொடுக்கிறோம். வேண்டிய செறிவைப் பரவல் கனஅளவால் பெருக்கினால் 10 × 30 = 300 மி.கி. தியோபிலின். நரம்பு வழியாகக் கொடுப்பது அமினோபிலினாக இருந்தால், அதில் ஏறத்தாழ 80 சதவீதமே தியோபிலின் என்பதால் 300 / 0.8 = 375 மி.கி. அமினோபிலின் தேவை, அதையும் மெதுவாகச் செலுத்த வேண்டும். இந்த 0.8-ஐ மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நோயாளி ஏற்கெனவே தியோபிலின் எடுத்துக்கொண்டிருந்தால், வேண்டிய செறிவிலிருந்து இருக்கும் செறிவைக் கழித்துவிட்டே பெருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது.

லோடிங் டோஸ் நிலைத்த நிலையை வரவழைக்கிறது என்று எழுதாதீர்கள். அது செறிவை நாம் விரும்பும் மட்டத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது, அவ்வளவே. அந்த நோயாளியின் உண்மையான கிளியரன்ஸ் நாம் நினைத்த 2.4 ஆக இருந்தால், பராமரிப்பு டோஸ் செறிவை அங்கேயே பிடித்து வைத்திருக்கும். கிளியரன்ஸ் உண்மையில் 1.7 தான் என்றால், முதல் சில மணி நேரம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றி, பிறகு நான்கைந்து அரை ஆயுள்களில் செறிவு தனக்குரிய உயர்ந்த மட்டத்தை நோக்கி மெல்ல ஏறும். லோடிங் டோஸுக்குச் சற்றுப் பின்னர் எடுத்த இரத்த மாதிரி நமக்குப் பரவல் கனஅளவைப் பற்றிச் சொல்லும். கிளியரன்ஸைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்லாது.

அரை ஆயுள் நடுவழியில் மாறும்போது என்ன ஆகும் என்பதையும் ஒருமுறை போட்டுப் பார்த்தால், மூன்று கருத்துகளும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்பது தெளிவாகும். அதே நோயாளி 8 மணி நேரத்துக்கு 200 மி.கி. எடுத்துக்கொண்டு நிலைத்த நிலையில் இருக்கிறார். அவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதப்படுகிறது. தியோபிலினை மாற்றும் CYP1A2 நொதியை அது தடுப்பதால் கிளியரன்ஸ் 30 சதவீதம் குறைகிறது என்று கொள்வோம். இந்த இடைவினையில் எதிர்பார்க்கத்தக்க அளவே இது. புதிய கிளியரன்ஸ் 1.68, பரவல் கனஅளவு மாறவில்லை, ஆகவே k 0.056, அரை ஆயுள் 12.4 மணி நேரம்.

சராசரி 25 / 1.68 = 14.9 ஆகிறது. உச்சம் 18.5, தாழ்வு 11.8. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதம் முன்பு 1.9 ஆக இருந்தது, இப்போது 1.6-க்கும் குறைவு. இடைவெளி அதேதான், ஆனால் அரை ஆயுள் நீண்டுவிட்டதால் ஆட்டம் குறைந்திருக்கிறது. அதே நேரத்தில் முழு வளைவும் மேலே போய்விட்டது. ஆட்டம் குறைவது எப்போதும் நல்ல செய்தி என்று நினைப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். இந்தப் புதிய மட்டத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பழைய 8.66 மணி நேரத்தை வைத்துப் பெருக்குவது தவறு. இனி நடப்பது எல்லாம் புதிய அரை ஆயுளின்படி. ஐந்து மடங்கு என்றால் 62 மணி நேரம், இரண்டரை நாளுக்குச் சற்று மேல். ஆனால் முதல் 24 மணி நேரத்திலேயே ஏற்றத்தின் முக்கால் பங்கு நடந்துவிடும் என்பதால், தொந்தரவு தெரிய மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. இடைவெளியை 8 மணியாகவே வைத்து டோஸை 30 சதவீதம் குறைத்து 140 மி.கி. ஆக்கலாம். அல்லது டோஸை 200 மி.கி. ஆகவே வைத்து இடைவெளியை 12 மணியாக நீட்டலாம்; அப்போது சராசரி 9.9, உச்சம் 13.6, தாழ்வு 7.0. முதலில் நிராகரித்த அதே 12 மணி நேரம் இப்போது வரம்புக்குள் வசதியாக அமர்கிறது. ஒரு மருந்துக்கு இதுதான் இடைவெளி என்று எதுவும் இல்லை. அந்த நோயாளியின் அன்றைய அரை ஆயுளுக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி. கையில் கிடைக்கும் மாத்திரையை உடைக்காமல் தர முடியும் என்பதால் இந்த இரண்டாம் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். சிப்ரோஃப்ளாக்சசின் நின்றபின் கிளியரன்ஸ் பழைய நிலைக்குத் திரும்பும். இடைவெளியையும் 8 மணிக்குத் திருப்ப மறந்தால் சராசரி 7-க்கு இறங்கிவிடும், தாழ்வு 5-ஐத் தொடக்கூட எட்டாமல் 4.1-ல் நிற்கும்.

இவ்வளவு கணக்கும் எங்கே செல்லாது என்பதையும் விடையில் குறிப்பிடுங்கள். மாத்திரை விழுங்கினால் மருந்து நொடியில் இரத்தத்தில் கலப்பதில்லை. உறிஞ்சப்படும்போதே வெளியேற்றமும் நடப்பதால் உண்மையான உச்சம் நாம் கணக்கிட்டதைவிடத் தணிந்தும், தாமதித்தும் வரும். தாழ்வு சற்று உயர்ந்திருக்கும். நம் கணக்கு மிக மோசமான ஆட்டத்தைக் காட்டுகிறது என்று பொருள். தியோபிலின் நடைமுறையில் மெதுவாக வெளிவிடும் மாத்திரையாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறையும், சில தயாரிப்புகளில் 24 மணி நேரத்துக்கு ஒருமுறையும் கொடுக்கப்படுவது இதனால்தான் சாத்தியமாகிறது. அங்கே மருந்தின் அரை ஆயுள் மாறவில்லை. உள்ளே நுழையும் வேகம் தணிக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாவது எல்லை, முதல்நிலை இயக்கம் என்ற எடுகோள். ஃபெனிடாய்ன் போன்ற மருந்தில், சிகிச்சைக்குரிய செறிவிலேயே நொதி நிறைவடையத் தொடங்கிவிடுகிறது. செறிவு ஏற ஏறக் கிளியரன்ஸ் குறைந்து, நிலைத்த நிலைக்கு ஆகும் நேரமும் டோஸோடு சேர்ந்து நீள்கிறது. அங்கே "ஐந்து அரை ஆயுள்" என்ற விதியை எழுதினால், எந்தச் செறிவின் அரை ஆயுள் என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது. டோஸைச் சிறிதளவு கூட்டியதற்குச் செறிவு அந்த விகிதத்தை மீறி எகிறினால், இந்த எடுகோள் உடைந்துவிட்டது என்று அறியலாம்.

மூன்றாவது, இடைவெளியைத் தேர்வதற்கு அரை ஆயுளே எப்போதும் அளவுகோல் அல்ல. சிறுநீரகம் சரியாக இயங்கும் ஒருவரிடம் ஜென்டாமைசினின் அரை ஆயுள் இரண்டு, மூன்று மணி நேரமே. ஆனால் பெரிய டோஸாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் முறை பரவலாக இருக்கிறது. அந்த மருந்தில் உயர்ந்த உச்சமே பாக்டீரியாவைக் கொல்கிறது, செறிவு இறங்கியபின்னும் சில மணி நேரம் பாக்டீரியா வளராமல் இருக்கிறது, தாழ்வு மிகவும் இறங்கியிருப்பது சிறுநீரகத்துக்கும் நல்லது. அங்கே டோஸ்களுக்கிடையே சேர்மானமே நடப்பதில்லை. ஒவ்வொரு டோஸும் ஏறக்குறைய முதல் டோஸ்தான். ஓமெப்ரசோல் ஒரு மணி நேர அளவிலான அரை ஆயுளுடன் நாளுக்கு ஒருமுறை போதுமானதாக இருப்பதற்குக் காரணம், அது அமிலப் பம்புகளோடு நிரந்தரமாகப் பிணைந்து, பிளாஸ்மாவிலிருந்து மறைந்த பின்னும் அவற்றை முடக்கி வைப்பது. தியோபிலினில் விளைவு செறிவைப் பின்தொடர்ந்தே ஏறி இறங்குகிறது. 5-க்கும் 15-க்கும் இடையே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு உங்களிடம் அந்தக் கணக்கைக் கேட்க முடிவதும் அதனால்தான்.